ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு

இருபத்தொரு வருடமாக ஒரே மேசையில் இருக்கிறேன். நல்லூரிலிருந்து டவுனுக்குப் போகிற தெருவில் உள்ள ஒரு சின்னத் தனியார் கிளினிக்கின் முன்மேசை அது. சொந்தக்காரி ஒரு டொக்டரம்மா. அவவைத் தவிர இன்னும் நாலு நிபுணர்கள் கிழமையில் ஆளுக்கு ஒரு நாள் பின்னேரம் வந்து இருப்பார்கள். யார் எந்த நாள் வருவார், யாருக்கு எத்தனையாம் இலக்கம், எந்த டொக்டர் இலக்கம் பதினைந்துக்குப் பிறகு எரிந்து விழத் தொடங்குவார் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது எழுதுவது அது இறங்கின கதை.

கொம்பியூட்டர் வருவதற்கு முன்னர் எங்களிடம் அட்டைகள் இருந்தன. ஆளுக்கு ஓர் அட்டை இல்லை, வீட்டுக்கு ஓர் அட்டை. மேலே குடும்பத் தலைவரின் பெயரும் ஒரு தொலைபேசி நம்பரும் இருக்கும். கீழே தாய்க்குச் சீனி வருத்தம், மகளுக்கு இழுப்பு, பேரனுக்குக் காய்ச்சல் என்று வரிசையாக எழுதியிருப்போம். வந்தவரிடம் நான் பெயர் கேட்பதில்லை. "எந்த வீடு?" என்றுதான் கேட்பேன். அரை நிமிடத்தில் அட்டை கையில் இருக்கும். ஆயிரத்து நானூறு வீடுகள், ஒன்றும் தவறியதில்லை.

போன வருடம் டொக்டரம்மாவுக்குச் சனல் பண்ணுகிற, அதாவது டொக்டர்மாரிடம் காட்ட இலக்கம் பதிகிற, மென்பொருள் ஒன்று எடுக்கும் ஆசை வந்தது. அதை விற்கிற நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை மடிக்கணினியோடு வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இராது. வாயைத் திறந்தால் "அன்ரி". அதுவே எனக்கு முதல் எரிச்சல்.

மூன்று திட்டங்கள் என்றாள். சின்னத் திட்டத்தில் இரண்டு டொக்டர்மாரின் விபரங்கள், ஐந்நூறு நோயாளர் கோப்புகள், மாதம் இருநூறு நினைவூட்டல் மெசேஜ்கள். நடுத் திட்டத்தில் ஆறு டொக்டர்மார், இரண்டாயிரம் கோப்புகள், ஆயிரம் மெசேஜ்கள். பெரிய திட்டத்தில் எதற்கும் எல்லை இல்லை, மெசேஜின் வாசகத்தையும் நாங்களே மாற்றலாம். கோப்புகளின் எண்ணிக்கை எல்லையைத் தொட்டால் புதிய நோயாளியைப் பதிய முடியாது என்பதையும் சொன்னாள்.

"உங்களுக்குப் பெரிய திட்டம்தான் சரி, அன்ரி. ஆயிரத்து நானூறு வீடு எண்டா நாலாயிரம், ஐயாயிரம் ஆக்கள் வருவினம். இதிலை ஒரு ஆளுக்கு ஒரு கோப்பு."

"பிள்ளை, எங்கடை சனம் எப்பிடி வரும் எண்டு எனக்குத் தெரியும்," என்றேன். "ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு காணும். நடுத் திட்டத்தைப் போடும்."

"கோப்புக்கு ஒரு போன் நம்பர்தான் மெசேஜுக்குப் பிடிக்கும். வீட்டிலை ஆருக்கு புக் பண்ணினாலும் அந்த ஒரு நம்பருக்குத்தான் போகும்."

"போகட்டும். ஒரு வீட்டுக்குள்ளை என்ன ஒளிப்பு மறைப்பு?"

இதை நான் சொன்னேன். டொக்டரம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுச் சிரித்தா. "இவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றா. அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் கொஞ்சம் கெட்டித்தனம் காட்டினேன். தமிழில் மெசேஜ் அனுப்பினால் எழுத்துகள் கூடுதல் இடம் பிடிக்கும், ஒரு நினைவூட்டல் மூன்று மெசேஜாகக் கணக்கில் விழும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். இங்கிலிசில் என்றால் ஒன்றோடு முடிந்துவிடும். "அப்ப இங்கிலிசிலை போடும். எந்த வீட்டிலையும் வாசிக்க ஒரு பிள்ளை இருக்கும்தானே" என்றேன்.

டொக்டர்மாரின் விபரங்களை நானே இருந்து நிரப்பினேன். படம், படிப்பு, எந்தத் துறை, எந்த நாள், எத்தனை மணி எல்லாம் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் போட்டேன். நான் நிரப்பின துறைப் பெயர்தான் ஒவ்வொரு மெசேஜிலும் போய் விழும் என்பது எனக்குத் தெரியும். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது வந்தவர்தான் அந்த அண்ணை. குருநகர்க்காரர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். இன்னொருவருடைய வள்ளத்தில் மூன்று பேரோடு கடல்தொழிலுக்குப் போகிறவர். ஒரு புதன்கிழமை எல்லோரும் போகும்வரைக்கும், நோயாளர் காத்திருக்கிற வாங்கில் இருந்துவிட்டு மேசைக்கு வந்தார். மாலையில் வள்ளத்தில் கால் வைக்கும்போது கை உதறுகிறதாம், நெஞ்சு அடைக்கிறதாம். நித்திரை இல்லை. கரைக்கு வந்தபிறகு காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று, சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புதன்கிழமை வாற அந்த டொக்டரிட்டைக் காட்டலாமோ, தங்கச்சி? வீட்டிலை முழங்காலுக்குக் காட்டப் போறன் எண்டுதான் சொன்னனான்."

எலும்பு டொக்டரும் மனநல டொக்டரும் எங்களிடம் வருவது ஒரே நாளில், புதன்கிழமையில். நல்ல சாட்டுத்தான் பிடித்திருந்தார்.

"ஒருத்தருக்கும் தெரிய வராது அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன். அந்த வீட்டுக் கோப்பைத் திறந்தேன். கோப்பு அவருடைய பெயரில்தான் இருந்தது. நம்பர் மனைவியுடையது. மனைவி எங்களிடம் சீனி வருத்தத்துக்கு வருகிறவர். ஒவ்வொரு கோப்பிலும் நினைவூட்டல் அனுப்புவதா இல்லையா என்று ஒரு பெட்டி இருக்கும். அவர் பார்த்துக்கொண்டு நிற்க அதில் இருந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன். மனுசன் கும்பிட்டார். அவருக்கென்று ஒரு புதிய கோப்புத் திறந்து அவருடைய சொந்த நம்பரைப் போட இரண்டு நிமிடம் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு என்று சட்டம் போட்டவள் நான். என்னுடைய சட்டத்தை நானே உடைப்பேனா?

மூன்று மாதம் ஒழுங்காக வந்தார். மருந்து பிடித்துக்கொண்டது. நாலாம் முறை வந்தபோது, "திரும்பத் தொழிலுக்குப் போறன், தங்கச்சி" என்று சொல்லி ஒரு பையில் நண்டு கொண்டுவந்து தந்தார். வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் அவருடைய மனைவி சீனி வருத்தக் கிளினிக்கைத் தவறவிட்டுவிட்டார். மறுநாள் வந்து நிறைந்த வாங்குகளுக்கு முன்னால் நின்று என்னைக் கிழித்தார். "முந்தி எல்லாம் மெசேஜ் வந்தது. இப்ப ஏன் வாறேல்லை, மிஸ்? கொம்பியூட்டர் வாங்கி வைச்சு என்ன செய்யிறியள்?" என்றார். அறைக்குள் இருந்து டொக்டரம்மா எட்டிப் பார்த்தா. எனக்குக் காது சிவந்துவிட்டது. நான் பிழை விடுகிறவள் என்று இருபத்தொரு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. கோப்பைத் திறந்தேன், பெட்டியில் அடையாளத்தைத் திரும்பப் போட்டேன், "இனி வரும், அக்கா" என்று வெடுக்கென்று சொன்னேன். அந்தப் பெட்டியை ஏன் வெறுமையாக வைத்திருந்தேன் என்ற நினைப்பு அந்தக் கோபத்துக்குள் எட்டியும் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பலாம். உண்மையில் அந்த நேரம் எனக்கு என்னைத் தவிர வேறு யாருமே நினைவில் இருக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வழமைபோல மறுநாளுக்கான மெசேஜ்கள் தாமாகவே போயின. மத்தியானம் அந்த மனைவி வந்தார். மீன் சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார், கையில் செதில் காயவில்லை. போனை என் மேசையில் வைத்தார்.

"மிஸ், உது என்ன மெசேஜ்? என்ரை கிளினிக் எத்தினை மணிக்கு எண்டு அறிய, மீன் வாங்க வந்த ரீச்சர் ஒராளிட்டை வாசிக்கக் குடுத்தனான். அவ பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற மாதிரிச் சத்தமா வாசிச்சவ. எங்கடை மனிசன்ரை பேரைச் சொல்லி, நாளைக்கு நாலரைக்கு, இலக்கம் ஒன்பது, மனநோய் டொக்டர் எண்டு. சந்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு நிண்டது."

நான் குனிந்து அந்த மெசேஜைப் பார்த்தேன்.

"எங்கடை மனிசனுக்கு விசரோ மிஸ்? அவரோடை தொழிலுக்குப் போறவன்ரை பெண்சாதி எனக்குப் பக்கத்திலைதான் விக்கிறவள். இப்ப வள்ளக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு, இது என்னுடைய பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை உங்கள் மனுசனிடம் கேளுங்கள் என்றிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஐயோ அக்கா, உது கொம்பியூட்டர் விட்ட பிழை. வேறை ஆருக்கோ போக வேண்டினது உங்களுக்கு வந்திட்டுது."

"எங்கடை மனிசன்ரை பேர் கிடக்கே?"

"உங்கடை வீட்டுக் கோப்பு அவற்றை பேரிலைதானே. என்ன மெசேஜ் வந்தாலும் அந்தப் பேர்தான் விழும். உங்கடை சீனி வருத்தத்துக்கு வாறதிலையும் அவற்றை பேர்தானே இருக்கிறது?"

அது உண்மைதான். உண்மையான ஒரு விசயத்தை அடியில் வைத்து அதற்கு மேல் பொய்யைக் கட்டினேன். இவ்வளவு கெதியாக எனக்கு அது வந்ததுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. அந்த மனைவியின் முகம் வெளித்தது. "அப்ப அவருக்கு ஒண்டுமில்லை?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, அக்கா" என்றேன். போனை எடுத்துக்கொண்டு, சந்தை கலைவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஓடினார்.

அந்தப் புதன்கிழமை அண்ணை வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. மனநல டொக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவர் ஏன் வராமல் விட்டவர்? இந்த மருந்தைச் சடாரெண்டு நிப்பாட்டக்கூடாது. ஒருக்கா எடுத்துக் கேளுங்கோ" என்றார். நான் "ஓம் டொக்டர்" என்றேன். எடுத்துக் கேட்க அவருடைய நம்பர் எங்கே இருந்தது? கோப்பில் இருந்தது மனைவியின் நம்பர் ஒன்றுதான்.

இதற்கிடையில் நான் மென்பொருள் நிறுவனத்துக்கும் எடுத்தேன். உங்கள் சாமான் பிழையாக மெசேஜ் அனுப்புகிறது என்று அந்தப் பிள்ளையிடம் சத்தம் போட்டேன். பொய்யை ஒரு தரம் சொன்னால் அதையே நம்பத் தொடங்கிவிடுகிறது நாக்கு. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தாள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அதில் ஒரு பதிவு இருக்குமாம்.

"அன்ரி, நினைவூட்டலை நிப்பாட்டினதும் திரும்பப் போட்டதும் உங்கடை லொகினிலை இருந்துதான்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் டொக்டருக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். நான் நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணையைப் பஸ் நிலையத்தில் கண்டேன். கொடிகாமத்தில் மகள் வீட்டுக்குப் போக நின்றார். கையில் இருந்த கடதாசிப் பை நடுங்கிக்கொண்டிருந்தது. விலகிப் போயிருக்கலாம், நான் அப்படியான ஆள்தான் என்று அதற்குள் நிரூபித்தும் இருந்தேன். ஆனால் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"கொம்பியூட்டர் பிழை எண்டு சொன்னியளாம், தங்கச்சி. சனமும் நம்பிப்போட்டுது. வள்ளத்திலையும் திரும்ப ஏத்தினவை. மருந்து முடிஞ்சு ஒரு மாசத்திலை கடலுக்குள்ளை வைச்சுத் திரும்ப வந்திட்டுது. வள்ளத்தின்ரை முன் அணியத்திலை இருந்து அழுதனாம். வலையை விட்டிட்டு என்னைக் கரைக்குக் கொண்டுவந்து விட்டவங்கள். இப்ப தொழில் இல்லை."

"டொக்டரிட்டை வாங்கோ அண்ணை. அவர் உங்களை ஒவ்வொரு முறையும் கேக்கிறவர்."

"எனக்கு ஒண்டுமில்லை எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். மனிசியும் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டாள். பிறகு நான் என்னெண்டு வாறது?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்கிறவர் மாதிரி உண்மையாகவே கேட்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நின்ற நிலையிலேயே எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பிழை விட்டதற்கு மட்டும் என்றால் ஆறியிருக்கும். அந்தப் பிழையை மறைக்க அவருக்குத் திறந்திருந்த ஒரே கதவையும் சாத்தியவள் நான்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சனம் வீடு வந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் குருநகருக்குப் போனேன். மனைவிதான் கதவைத் திறந்தார். இருக்கச் சொன்னார். நான் நின்றபடியே சொல்லிமுடித்தேன். கொம்பியூட்டர் பிழை விடவில்லை, நான்தான் விட்டேன், பிறகு உங்களுக்குப் பொய் சொன்னேன், அண்ணை அந்த மருந்தால்தான் திரும்பத் தொழிலுக்குப் போனவர் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "எனக்கு அண்டைக்கே ஒரு சந்தேகம், மிஸ்," என்றார். "நீங்கள் முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை. ஆனா எனக்கும் அந்தப் பொய் தேவையாக் கிடந்தது. நாளைக்கும் அந்தச் சந்தையிலைதானே போய் நிக்க வேணும். அதுதான் அவரிட்டைக்கூட ஒண்டும் கேக்காமல் விட்டனான்."

அண்ணை அறை வாசலில் வந்து நின்றது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாரோ. மனைவி எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் வாறன். போவம்," என்றார்.

அண்ணை என்னைப் பார்க்காமல் சொன்னார். "வாறன், தங்கச்சி. உங்களிலை கோவமில்லை. ஆனா நீங்கள் அந்த மேசையிலை இருக்கேக்கை வர ஏலாது. உங்களைக் கண்டா எனக்கு வெக்கமாக் கிடக்கும்."

வெட்கம் அவருக்கா? அது முழுக்க முழுக்க என்னுடையது. அதையும் அவர் சுமந்துகொண்டிருந்தார். "சரி அண்ணை" என்றேன். அவருடைய சொந்த நம்பரை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை டொக்டரம்மாவிடம் போய், நடுத் திட்டத்தை எடுத்தது என்னுடைய பிழை, வீடு வீடாகக் கோப்புப் போட்டதும் பிழை, பெரிய திட்டத்துக்கு மாற வேண்டும் என்று சொன்னேன். அண்ணையின் கதையைச் சொல்லவில்லை. அது சொல்ல என்னுடையது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான், மீதி பயம். அவ மாறச் சம்மதித்தா. அந்தப் பிள்ளை திரும்ப மடிக்கணினியோடு வந்தாள், ஒரு குத்தல் கதையும் இல்லாமல் எனக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்தாள். மெசேஜைத் தமிழுக்கு மாற்றினோம். அதில் டொக்டரின் துறை வருகிற இடத்தை எடுத்துவிட்டோம். ஆயிரத்து நானூறு கோப்புகளையும் ஆள் ஆளாகப் பிரிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. முதலாவதாகப் பிரித்தது எந்த வீட்டை என்று சொல்லத் தேவையில்லை.

அன்றிலிருந்து புதன்கிழமை பின்னேரங்களில் நான் வேலைக்குப் போவதில்லை. அந்த நேரம் மேசையில் தாதி ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நாலரை மணியானால் ஊற்றின தேத்தண்ணி அப்படியே ஆறிப்போகும். வியாழன் காலையில் கிளினிக்குக்குப் போனதும் சாமிப்பட விளக்கைக் கொளுத்த முன்னமே கணினியைப் போட்டு முதல் நாள் பட்டியலைத் திறப்பேன். அவருடைய பெயருக்கு நேரே 'வந்தார்' என்று பச்சையில் விழுந்திருக்கும். மாதத்துக்கு ஒரு முறை, இதுவரைக்கும் ஏழு முறை விழுந்திருக்கிறது. திரும்பத் தொழிலுக்குப் போகிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

ஏன் புதனில் லீவு என்று டொக்டரம்மா கேட்டபோது யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். முழங்கால் நோ என்று, அண்ணை வீட்டில் சொன்ன மாதிரியே. போன கிழமை அவ என் மேசையில் கையை ஊன்றி நின்று, "என்னப்பா, இவ்வளவு மாசமா முழங்கால் நோ எண்டு சொல்லுறீர். புதன்கிழமைதானே எங்கடை எலும்பு டொக்டர் வாறவர், ஒரு நாளைக்கு இருந்து அவரிட்டைக் காட்டினால் என்ன?" என்று கேட்டா. நான் குனிந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.